பூஜ்யம் பூஜ்யம் இருபது

கையைக் கீழே தொங்கவிட்டால் இல்லாத விரல் நுனி வலித்தது. நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் தோள்பட்டை வலித்தது. இரண்டில் எது தேவலை என்று தெரியாமல் கெங்கம்மாள் பத்தொன்பது நாளாக இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள்.

இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயிருந்தன. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுக்குப் பட்டைகள் அடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில், நாலாம் நம்பர் பிரஸ்ஸில் போனவை. அந்த மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே நிற்கிற அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்வரை எந்தக் கையும் அச்சுக்கு அடியில் போகாது, அதுதான் கணக்கு. ஆனால் அப்படி அடித்தால் ஒரு ஷிஃப்டுக்குக் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பட்டனைக் கம்பி சுற்றி அமுக்கியே வைத்திருந்தார்கள். கட்டியது கெங்கம்மாள் இல்லை. கட்டச் சொன்னது யாரென்று எல்லோருக்கும் தெரியும். எங்கேயும் எழுதித்தான் வைக்கவில்லை.

ஜூலை இருபத்தெட்டு, திங்கட்கிழமை. காலை பதினொன்றரை மணிக்கு அவள் இ.எஸ்.ஐ. அலுவலகத்தின் கவுன்ட்டரில் நின்றாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ். கம்பியைப் பிடிக்க ஒரே கைதான் இருந்ததால் வழியெல்லாம் யார் மேலாவது சாய்ந்து திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கவுன்ட்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளுடைய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்தவர் முகம் சுருங்கிப்போனது.

வேலை நேரத்தில் அடிபட்டது என்று இதை ஏற்றுக்கொள்ள முடியாதே அம்மா என்றார். கம்பெனி அனுப்பிய விபத்து அறிக்கையில் தேதி 08-07-2025, நேரம் 00:20 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் வேலையிலேயே இல்லை. வருகைப் பதிவுப்படி ஏழாம் தேதி ராத்திரி உங்கள் வார விடுமுறை, எட்டாம் தேதி நீங்கள் வரவே இல்லை. அதோடு நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சீட்டில் 09-07-2025, 01:10 என்று போட்டிருக்கிறது.

"இருபத்தஞ்சு மணி நேரம் கையில ரத்தத்தோட எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

அடிபட்ட அரைமணி நேரத்துக்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னெண்டு இருபது. தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைக் கத்துவதற்கு முன்னால் பார்த்திருந்தாள். இந்தக் காகிதத்திலும் செவ்வாய்தான் போட்டிருக்கிறது, பன்னெண்டு இருபதுதான் போட்டிருக்கிறது. பிறகு எப்படி அவள் வீட்டில் இருந்தாள்?

கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாத காலண்டர் தொங்கியது. அவள் அதன் முன்னால் போய் நின்று, நல்ல கையின் விரலால் கட்டம் கட்டமாகத் தடவினாள். திங்கள் ஏழாம் தேதி, வார லீவு. அன்றைக்கு ராத்திரி துணி துவைத்துப் போட்டுவிட்டு ஒன்பதரைக்கே படுத்துவிட்டாள். செவ்வாய் எட்டாம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மூன்றாம் ஷிஃப்ட். மெஷின் பாஷையில் 22:00. எஸ்டேட்டில் சேர்ந்த புதிதில் அவள் கண்டுபிடித்துக்கொண்ட வழி, பன்னிரண்டைக் கழித்துவிட்டால் நம் மணி வந்துவிடும். பதினாலுக்கு இரண்டு. இருபத்திரண்டுக்குப் பத்து. ஆனால் பூஜ்யம் பூஜ்யம் இருபதில் எதைக் கழிப்பது? அங்கே கழிக்க ஒன்றுமே இல்லை. அது ஒரு நாளின் கடைசி நேரம் இல்லை, முதல் நேரம். எட்டாம் தேதி பூஜ்யம் பூஜ்யம் இருபது என்றால் திங்கட்கிழமை அவள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ராத்திரி. அவள் கை போனதோ அதற்கு முழுசாக ஒரு நாள் கழித்து. ஒன்பதாம் தேதி. புதன்கிழமை.

புதன் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. விடியாமல் எவன் புதன் என்று சொல்வான்? எஸ்டேட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே ராத்திரி எட்டு மணி நேரமும், விடிந்து ஆறு மணிவரை, ஷிஃப்ட் ஆரம்பித்த நாளின் பெயரில்தான் ஓடும். சம்பளம் அந்தத் தேதியில், உற்பத்தி எண்ணிக்கை அந்தத் தேதியில். அதில் தப்பும் இல்லை, இல்லாவிட்டால் ஒரு ராத்திரி வேலையை இரண்டு நாளாக அறுத்து எழுத வேண்டிவரும். அந்தப் பழக்கத்திலேயே சூப்பர்வைசர் பிரசன்னா, தேதிக் கட்டத்தில் ஷிஃப்ட் தேதியைப் போட்டான். நேரக் கட்டத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டான். இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் படித்தால் அவள் ஷிஃப்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம் முன்னாலேயே கை நசுங்கியிருக்கிறது.

கண்ணாடிக்காரரிடம் அதைச் சொன்னபோது அவர் காகிதத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினார். எனக்குப் புரிகிறது, ஆனால் நான் புரிந்துகொண்டதை ஃபைலில் வைக்க முடியாது, தேதி தவறு என்று கம்பெனி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்றார். எது எதற்கு என்பதையும் சொன்னார். வேலையில் அடிபட்டது என்றால் குணமாகும்வரை சம்பளத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு, போன விரலுக்கு மருத்துவக் குழு போடுகிற மதிப்புப்படி ஆயுசுக்கும் மாதாமாதம். வீட்டில் அடிபட்டது என்றால் நோயாளிக்குத் தருகிறது மட்டும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. விரலுக்கு ஒன்றும் கிடையாது.

ஆயுசுக்கும் என்ற வார்த்தையைக் கெங்கம்மாள் பஸ்ஸில் மென்றுகொண்டே வந்தாள். வயது நாற்பத்து நாலு. புருஷன் போய் ஒன்பது வருஷம். மகள் ஸ்வாதி வேப்பம்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்தக் கையோடு இனி யார் பிரஸ்ஸில் நிறுத்துவார்கள்?

கம்பெனி கேட்டுக்கு உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு பச்சைப் பலகை. விபத்தில்லா நாட்கள் என்று மேலே எழுதி, கீழே மூன்று ஆணியில் மூன்று தகடு தொங்கும். தினமும் காலை ஆறு மணிக்கு செக்யூரிட்டி ஒரு எண் கூட்டி மாட்டுவார். கெங்கம்மாள் கை போன புதன்கிழமை காலையில் அது 412. இன்றைக்கு 431. பத்தொன்பது நாளும் ஒரு நாள் விடாமல் யாரோ ஒழுங்காகத் தகடு மாற்றியிருக்கிறார்கள்.

எச்.ஆர். ராதிகா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஈரோட்டுப் பெண், குரலை உயர்த்தத் தெரியாதவள். எந்தத் தப்பையும் அதே தணிந்த குரலில் செய்து முடிப்பாள். கெங்கம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டு, சிஸ்டத்தில் வந்ததைத்தான் நாங்கள் அனுப்பினோம் என்றாள். எட்டாம் தேதி கார்டு உள்ளே தேய்த்தது 21:51. வெளியே தேய்க்கவே இல்லை. உள்ளே வந்த பதிவு மட்டும் இருந்து, வெளியே போன பதிவு இல்லையென்றால் சிஸ்டம் ஆப்சென்ட் போட்டுவிடும். அதனால் எட்டாம் தேதி கணக்குப்படி வேலைக்கு வரவில்லை. ஒன்பதாம் தேதிக்குப் பதிவே இல்லை.

"ரத்தம் ஒழுகுற கையால கார்டு தேச்சுட்டுத்தான் வேன்ல ஏறணுமா மேடம்?" என்றாள் கெங்கம்மாள்.

ராதிகா எழுந்துபோய் மேனேஜர் வெங்கட்டைக் கூட்டிவந்தாள். வெங்கட் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார். நடந்தது வருத்தம்தான், உங்களை விட்டுவிட மாட்டோம், வந்ததும் பேக்கிங்கில் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம், இப்போதைக்கு உடம்பு சரியில்லை என்றே இ.எஸ்.ஐ.யில் போட்டுக்கொள்ளுங்கள், போன அறிக்கையைத் திருத்தினால் ஏன் இத்தனை நாள் தாமதம் என்று ஆயிரம் கேள்வி வரும் என்றார். அவர் கண் ஜன்னல் வழியாக வெளியே பச்சைப் பலகைக்குப் போய்த் திரும்பியதைக் கெங்கம்மாள் பார்த்துவிட்டாள்.

"என் கை போன நாளு வேற, சார். நீங்க எழுதிக்கினு கீற நாளு வேற. அந்த நாளு எனக்கு வோணும்" என்றாள். வெங்கட், யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார். யோசிக்க ஒன்றும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை திரும்பவும் போனாள். இந்தத் தடவை ஆபீசுக்குள் போகவில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்த சம்பந்தத்திடம் போனாள். சம்பந்தம் வேப்பம்பட்டுப் பக்கம் ரயில்வே கேட்டில் முப்பத்தொரு வருஷம் கேட்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றில். ஒரு மாதம் ராத்திரி, ஒரு மாதம் பகல் என்று பன்னிரண்டு மணி நேர டூட்டி. ஜூலை கடைசி வாரம் வரை ராத்திரி அவர்தான். கடைசி வாரம் பகல்காரர் ஊருக்குப் போனதால் அவர் இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கு வேனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டதும் அவர்தான்.

அவருக்கு ரயில்வேக்காரன் புத்தி போகவில்லை. வருகிற லாரி போகிற வேன் எல்லாவற்றுக்கும் கேட் புத்தகத்தில் நாலு இலக்க மணிதான் எழுதுவார். ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் அன்றைய பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே அடுத்த தேதியையும் கிழமையையும் போட்டுவிட்டுத்தான் டீ குடிப்பார். மற்ற செக்யூரிட்டிகள் விடிந்து டூட்டி மாறும்போதுதான் தேதி மாற்றுவார்கள். இதற்காக அவரைக் கிண்டல் செய்வார்கள். நம் ஊர் ஆளுக்குப் படுத்து எழுந்தால்தான் அடுத்த நாள், சம்பந்தத்துக்கு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே நாள் மாறிவிடுகிறது என்பார்கள். ரயில்வே கேட்டில் ஒரு தேதி தப்பாகப் போட்டுவிட்டு அப்புறம் விசாரணையில் நின்று பார்த்தால் தெரியும் என்று அவர் விட்டுவிடுவார்.

கெங்கம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஜூலை எட்டு, செவ்வாய். கீழே சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே அவர் கையெழுத்தில்: 09.07.2025, புதன். அடுத்த வரி: 00.34, கம்பெனி வேன் வெளியே. கெங்கம்மாள், பிரஸ் 4, இடது கை அடி. உடன் சூப்பர்வைசர் பிரசன்னா.

கெங்கம்மாள் போனை எடுத்தாள்.

"அண்ணாத்தே, இத்த போன்ல புடிச்சுக்கட்டா? மேல கேமரா கீது."

"கீட்டும். அது பாட்டுக்குப் பாக்கட்டும், நான் எழுதுனத நான் காட்டுறேன்." அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, காற்றில் பக்கம் புரளாமல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். "எவனாவது கேட்டா சம்பந்தம்தான் காட்டுனார்னு சொல்லு. பொய் சொல்லி என்ன காப்பாத்தாத."

அவள் ஒற்றைக் கையால் போனைப் பிடித்து எடுத்த முதல் படம் கலங்கியது. இரண்டாவதும் கலங்கியது. மூன்றாவதை அவரே போனை வாங்கி எடுத்துக் கொடுத்தார்.

பிரசன்னாவை எஸ்டேட் டீக்கடையில் பிடித்தாள். இருபத்தேழு வயது, விழுப்புரத்துப் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன். அவளைப் பார்த்ததும் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்துகொண்டான். அந்த ராத்திரி அவள் கையை அவன்தான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தான், அதை அவள் மறக்கவில்லை. மறுநாள் காலையிலேயே தப்பு தனக்குத் தெரிந்துவிட்டது என்றும், திருத்தி அனுப்பலாம் என்று வெங்கட்டிடம் சொன்னதாகவும், அவர் இரு பார்க்கலாம் என்றதாகவும் சொன்னான். மூன்றாம் நாள் கேட்டபோது உன் வேலையைப் பார் என்றாராம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறாயா என்று அவள் கேட்டதற்கு அவன் தரையைப் பார்த்தான்.

"அக்கா, என்னால முடியாது. என்னையும் அனுப்பிடுவாங்க" என்றான். அப்புறம், "நாளைக்குப் பதினஞ்சு மணிக்குக் கஸ்டமர் ஆடிட். பலகையத்தான் மொதல்ல பாப்பாங்க. அதுல நானூறு தாண்டினா புது ஆர்டருக்கு மார்க்கு அதிகம். அதனாலதான்" என்றான்.

"பதினஞ்சுன்னா மூணு."

"ஆமாக்கா. மத்தியானம் மூணு."

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். டீக்கு மட்டும் அவனையே காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

புதன்கிழமை, ஜூலை முப்பது. மத்தியானம் இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கெங்கம்மாள் கேட்டுக்குள் நுழைந்தாள். அவளிடம் கம்பெனி கார்டு இருந்தது, சம்பந்தம் கேட் புத்தகத்தில் 13.50 என்று போட்டு உள்ளே விட்டார். முதல் ஷிஃப்ட் கை கழுவிக்கொண்டிருந்தது, இரண்டாம் ஷிஃப்ட் கார்டு மெஷின் முன்னால் வரிசை கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஷிஃப்டும் ஒரே இடத்தில் நிற்பது ஒரு நாளைக்கு இந்தப் பத்து நிமிஷம்தான். அதற்காகத்தான் அந்த நேரத்துக்கு வந்தாள்.

நேராகப் பச்சைப் பலகைக்குப் போனாள். 433 தொங்கியது. நாலைக் கழற்றினாள். மூன்றைக் கழற்றினாள். இன்னொரு மூன்றையும் கழற்றினாள். தகடு ஒன்று கை தவறித் தரையில் விழுந்து கணீரென்றது, வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பலகைக்குக் கீழே இருந்த டப்பாவில் துழாவி ஒரு பூஜ்யத்தை மாட்டினாள், ஒரு இரண்டை மாட்டினாள், ஒரு ஒன்றை மாட்டினாள். 021.

இன்னா பண்ற கெங்கா, பைத்தியம் புடிச்சுதா என்று லேத்தில் வேலை செய்கிற சம்பத் கத்தினான். இருபத்தோரு நாள் என்று அவள் சொன்னாள். ஒன்பதாம் தேதியிலிருந்து எண்ணிப் பார், சரியாக இருபத்தொன்று. கட்டுப் போட்ட கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தோள் வலித்தது. இறக்கவில்லை.

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். எட்டாம் தேதி, ஒன்பதாம் தேதி, பன்னெண்டு இருபது என்று ஆரம்பித்தது முதலில் குழம்பியது. இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் காகிதத்தை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"மூணாம் ஷிஃப்டு எல்லாருக்கும் வருது இல்ல? பன்னெண்டுக்கு அப்பால உன் கை போனாலும் இப்டித்தான் எழுதுவாங்க. நீ உள்ள வர்றதுக்கு முன்னாலயே உனுக்கு அடிபட்டுட்ச்சின்னு எழுதுவாங்க. ஊட்ல அடிபட்டுக்கினு வந்தேன்னு சொல்லுவாங்க. ஒரு ராத்திரியில ஆறு மணி நேரம் நம்ம ஆரும் இங்க இல்ல, தெரிஞ்சுக்க."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆறு மணி நேரம் என்பதை ஒவ்வொருவரும் தனக்குள் கணக்குப் போட்டார்கள். பன்னிரண்டிலிருந்து ஆறு வரை. ரேகா என்கிற பெண் கார்டைத் தேய்க்கக் கையை நீட்டியவள், நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். வரிசை அங்கேயே நின்றது. 14:00 ஆனது. ஐந்து நிமிஷம்வரை தாமதம் மன்னிப்பு, ஆறாவது நிமிஷத்திலிருந்து அரைமணிச் சம்பளம் வெட்டு. மெஷினின் சிவப்பு எண்கள் 14:04, 14:05, 14:06 என்று ஓடின. யாரும் தேய்க்கவில்லை. உள்ளே முதல் ஷிஃப்ட் நிறுத்திவிட்டு வந்த பிரஸ்கள் சும்மா நின்றதில் ஷெட்டே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் வெங்கட்டைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது.

வந்தவர் முதலில் பலகையைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார், 14:11. யார் கழற்றியது என்று கேட்டார். நான்தான் என்றாள். சம்பந்தத்தைக் கூப்பிட்டு, நீ எதற்கு இங்கே இருக்கிறாய், இவளை ஏன் விட்டாய் என்று கத்தினார். சம்பந்தம் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சார், வேன் போனது ஒம்போதாம் தேதி, பூஜ்யம் பூஜ்யம் முப்பத்துநாலு. நான் எழுதிக் கீறேன். பலகையில இருபத்தொண்ணுதான் சரி. இத்தினி நாளு காலைல தகடு மாத்துனதும் நான்தான், அது தப்பு. எனுக்கு அப்டித்தான் மாத்தச் சொன்னாங்க."

அவர் புத்தகத்தைத் திறந்து, வெங்கட்டிடம் நீட்டாமல், எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். தேதி, கிழமை, நாலு இலக்க மணி, பெயர். ரயில்வேயில் விசாரணையில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசியில் 'உடன் சூப்பர்வைசர் பிரசன்னா' என்று வந்தபோது எல்லோரும் பிரசன்னாவைத் தேடினார்கள். அவன் ஷெட் வாசலில் நின்றிருந்தான். ஓடிப்போயிருக்கலாம். ஓடவில்லை. ஆமாம் என்று ஒரு தடவை தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. அது போதுமானதாக இருந்தது.

வெங்கட் கெங்கம்மாளைத் தனியாக ஆபீசுக்கு வரச் சொன்னார். வர மாட்டேன் என்றாள். தகடுகளைத் திருப்பி மாட்டு, நாளைக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

"நாளைக்குன்னா எந்த நாளைக்கு சார்? உங்க நாளைக்கா, கடிகாரத்து நாளைக்கா?"

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. வெங்கட்டின் கழுத்து சிவந்துவிட்டது. 14:19 ஆயிற்று. மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் பூந்தமல்லி தாண்டிவிட்டதாக ராதிகா போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்து சொன்னாள். அவர்கள் வரும்போது நாற்பது பேர் கேட்டில் நின்றுகொண்டிருப்பதா, இல்லை பலகையில் 021 தொங்கி மெஷின்கள் ஓடிக்கொண்டிருப்பதா? எது குறைந்த நஷ்டம் என்று ஒரு மேனேஜருக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகாது.

கடிதத்தை ராதிகா அடித்துக் கொண்டுவந்தாள். விபத்துத் தேதி 09-07-2025 என்று மட்டும் இருந்தது. கெங்கம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. கிழமை போடு என்றாள். நேரம் போடு, அந்த ஷிஃப்ட் எப்போது ஆரம்பித்தது என்பதையும் போடு என்றாள். இல்லாவிட்டால் அங்கே இருக்கிறவர் ஒன்பதாம் தேதி ஷிஃப்ட் 22 மணிக்குத்தானே, 00:20-க்கு எப்படி வந்தாய் என்று மறுபடி ஒரு நாள் தள்ளிவிடுவார். ராதிகா அவளை ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தாள். திரும்பிப் போய் அடித்துவந்தாள்: 08-07-2025 செவ்வாய்க்கிழமை 22:00 மணிக்குத் தொடங்கிய மூன்றாம் ஷிஃப்டில், நள்ளிரவு கடந்து 09-07-2025 புதன்கிழமை 00:20 மணிக்கு, பிரஸ் 4-இல் பணியில் இருந்தபோது விபத்து நேர்ந்தது, முந்தைய அறிக்கையில் தேதி தவறாகக் குறிக்கப்பட்டது.

பட்டனில் கம்பி கட்டியதையும் போடச் சொன்னாள். அதற்கு வெங்கட் ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார். அவளுக்குக் கை தூக்கித் தூக்கித் தோள் மரத்துவிட்டிருந்தது. சரி, தேதியைக் கொடு, கம்பியை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

14:46-க்குக் கையெழுத்தும் சீலும் விழுந்தன. அதற்கப்புறம்தான் வரிசை நகர்ந்தது, கார்டு மெஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. 021-ஐ யாரும் தொடவில்லை. ஆடிட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து என்ன மார்க் போட்டார்கள் என்பது கெங்கம்மாளுக்குத் தெரியாது. அவள் அதற்குள் பஸ் ஏறியிருந்தாள்.

மறுநாள் கண்ணாடிக்காரர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். இந்த மாதிரித் தெளிவாகத் தேதி எழுதிய கடிதம் எஸ்டேட்டிலிருந்து அபூர்வம் என்றார். வேலையில் அடிபட்டதாக ஏற்றுக்கொண்டு, விரலைப் பார்க்கிற மருத்துவக் குழுவுக்குத் தேதி போட எழுதினார். கெங்கம்மாள் தேதியைக் கேட்டதோடு நிற்கவில்லை. கிழமையும் கேட்டாள், காலையா மத்தியானமா என்றும் கேட்டுக்கொண்டாள்.

ஆகஸ்ட் நாலாம் தேதி, திங்கட்கிழமை, ஏதோ கையெழுத்துக்காகக் கம்பெனிக்குப் போனபோது கேட்டில் புது ஆள் இருந்தான். சம்பந்தம் எங்கே என்றாள். ஒன்றாம் தேதியிலிருந்து நசரத்பேட்டை குடோனுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். கேட் புத்தகத்தை வெளியாளுக்குக் காட்டினார் என்று ஏஜென்சியில் எழுதி வாங்கியிருக்கிறார்களாம். இனி அவருக்குப் பகல் டூட்டி கிடையாது. ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு, மாதம் முழுக்க, மறுபடி மறுபடி.

அவள் போன் செய்தாள். அவருக்குச் சர்க்கரை உண்டு, ராத்திரி சாப்பாடும் மாத்திரையும் நேரம் தவறினால் காலில் எரிச்சல் வரும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் குறைசொல்லவில்லை. வேப்பம்பட்டிலிருந்து நசரத்பேட்டைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் கஷ்டம் என்றார். ஏஜென்சி ஆபீஸில் ஒரு நாள் யாராவது கம்பெனி ஆட்கள் வந்து, இந்த மனுஷன் உண்மையைத்தான் படித்தான், வெளியாளுக்குக் காட்டவில்லை, வேலை செய்கிறவளுக்குத்தான் காட்டினான் என்று சொன்னால் யோசிக்கலாம் என்று அங்கே ஒருவர் சொன்னாராம். அதையும் செய்தி மாதிரிதான் சொன்னாரே தவிர, நீ வா என்று கேட்கவில்லை.

"நான் வர்றேன் அண்ணாத்தே. வியாழக்கெழம வர்றேன்" என்றாள்.

அந்த வியாழக்கிழமை கையில் சீழ் வைத்துவிட்டது. அடுத்த வாரம் மருத்துவக் குழு. அதற்கடுத்த வாரம் ஸ்வாதிக்குக் கல்லூரியில் பணம் கட்ட அலைச்சல். சம்பத்தும் ரேகாவும் கூட வருகிறோம் என்றார்கள், ஒருவருக்கு ஷிஃப்ட் ஒத்துவந்தால் மற்றவருக்கு ஒத்துவரவில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஒன்றையும் அவள் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை.

இன்றைக்கு செப்டம்பர் மூன்று, புதன்கிழமை. சம்பந்தம் நசரத்பேட்டையில் முப்பத்து மூன்று ராத்திரி உட்கார்ந்துவிட்டார். ஏஜென்சி ஆபீஸுக்குப் போய் அவருக்காக நிற்க வேண்டிய ஒரு நாளைக் கெங்கம்மாள் இன்னும் அவருக்குக் கொடுக்கவில்லை. அது பாக்கி.